பெட்டியைத் திறக்கும்போதும் பொய்க்காத படம்: உணவு விநியோகச் செயலிக்காக ஒரு குழம்பைப் படமெடுக்கும் முறை

உணவு விநியோகச் செயலியில் ஒரு படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர், சற்று நேரத்திற்குள் அதே உணவைத் தம் கையால் திறந்து பார்த்துவிடுகிறார். படம் இன்னும் அவருடைய கைப்பேசியில் இருக்க, உணவு பக்கத்திலேயே இருக்கிறது. சமையல் நூலுக்காகவோ சுவரொட்டிக்காகவோ எடுக்கப்படும் படங்களுக்கு இத்தகைய உடனடிச் சோதனை கிடையாது. ஆகவே, அந்தத் துறைகளிலிருந்து கற்றுக்கொண்ட உத்திகளை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய நொடியில் உணவு எப்படி இருக்கிறது என்பதைவிட, மூடிய பெட்டிக்குள் அரை மணி நேரம் பயணித்த பின் எப்படி இருக்கும் என்பதுதான் நாம் எடுக்க வேண்டிய படத்தின் அளவுகோல்.

எல்லா வகை உணவையும் ஒரே கட்டுரையில் விளக்க முயன்றால் எதையும் முழுமையாகச் சொல்ல முடியாது. அதனால், புதியவர்களுக்குப் பெரும்பாலும் தோல்வி தரும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கோழித் துண்டுகள் கிடக்கும் பழுப்பு நிறக் குழம்பு, அதனுடன் ஒரு பங்கு வெள்ளைச் சோறு. பழுப்பு நிறம் படத்தில் எளிதில் சேறு போலத் தெரியும். துண்டுகள் குழம்பில் மூழ்கி மறையும். எண்ணெய்ப் பளபளப்பு வெள்ளைத் திட்டுகளாகக் கண்ணைக் கூசச் செய்யும். பக்கத்தில் இருக்கும் சோறோ வெளிறிப்போய் பருக்கை தெரியாமல் ஒரே வெண்மையாகிவிடும். இந்த ஒரு தட்டை ஒழுங்காக எடுக்கத் தெரிந்தவருக்கு மற்றவை கடினமாக இருக்காது.

முதலில் ஒரு பெட்டியை மூடி வையுங்கள்

கேமராவை எடுப்பதற்கு முன்னால், வாடிக்கையாளருக்கு அனுப்புவது போலவே ஒரு பங்கைக் கட்டுங்கள். அதே பெட்டி, அதே மூடி, அதே பை. அதை 30 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு திறந்து பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் பின்னால் வரும் முடிவுகளில் பாதியை இந்தத் தாள்தான் எடுக்கப்போகிறது.

நம்முடைய குழம்பை இப்படித் திறந்து பார்த்தால் என்ன தெரியும்? மேலே தூவியிருந்த கொத்தமல்லித் தழை சூட்டில் வதங்கி, பச்சை மங்கிக் கருத்துப்போய், குழம்பில் ஒட்டிக்கிடக்கும். மொறுமொறுப்புக்காக மேலே போட்ட வறுத்த வெங்காயம், மூடியில் படிந்து சொட்டிய நீராவியால் நனைந்து தளர்ந்திருக்கும். எண்ணெய் சற்றுப் பிரிந்து ஓரங்களில் தேங்கியிருக்கும். குழம்பின் நிறமும், துண்டுகளின் வடிவமும், அவற்றின் எண்ணிக்கையும் மட்டும் மாறாமல் இருக்கும்.

மாறாமல் இருப்பவைதான் படத்தின் நாயகர்கள். வதங்கிப்போகும் தழையையும் தளர்ந்துபோகும் வெங்காயத்தையும் படத்தின் மையமாக வைத்தால், வந்து சேராத ஒன்றை நீங்கள் விற்பதாக ஆகிவிடும். அதற்காக அவற்றை அறவே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தழையைத் தனிச் சிறு பொட்டலமாக அனுப்பச் சமையலறை ஒப்புக்கொண்டால், அதைப் படத்தில் தாராளமாகக் காட்டலாம். பல வேளைகளில் படத்தைத் திருத்துவதைவிடக் கட்டும் முறையைத் திருத்துவதே நேர்மையான வழி. உணவும் அதனால் மேம்படுகிறது.

அளவை எண்ணிக்கையில் பிடியுங்கள்

படம் பொய்யாகும் இடங்களுள் முதன்மையானது நிறமன்று, அளவு. நான் தொடக்கத்தில் ஒரு சிறு உணவகத்துக்காக இதே போன்ற ஒரு குழம்பைப் படமெடுத்தபோது, கிண்ணம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று ஏழு துண்டுகளை வைத்தேன். அங்கே ஒரு பங்குக்கு ஐந்து துண்டுகள்தான் கொடுக்கிறார்கள் என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. சில நாட்களில் ஒரு வாடிக்கையாளர் தமக்கு வந்த பெட்டியையும் செயலியின் படத்தையும் அருகருகே வைத்து அனுப்பியிருந்தார். துண்டுகளை எண்ணி, ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டிருந்தார். சமையல்காரர் அளந்துதான் போட்டிருந்தார்; பிழை முழுக்க என்னுடையது. அந்தப் படத்தை நீக்கிவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து, சமையலறையில் பங்கு பிரிப்பவரே எனக்குக் கரண்டியால் எடுத்துத் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் எடுத்துக்காட்டில், 500 மி.லி. கொள்ளும் பெட்டியில் ஏறக்குறைய 450 மி.லி. வரை நிரப்புகிறார்கள் என்று கொள்வோம். அதில் ஐந்து துண்டுகள் சுமார் 150 கிராம், மீதி குழம்பு. இப்போது படத்துக்கான கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் 450 மி.லி. தண்ணீரை ஊற்றி, அதை நீங்கள் விரும்பும் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றால் அந்தக் கிண்ணம் பொருத்தமானது. கிண்ணத்தின் பாதியிலேயே நின்றால், உண்மையான பங்கு கஞ்சத்தனமாகத் தெரியும். அப்போது உங்களை அறியாமலே இன்னொரு கரண்டி ஊற்றத் தோன்றும். வழிந்தால், மிச்சத்தை எங்கேயோ ஒதுக்கிவிட்டு ‘நிரம்பி வழியும் கிண்ணம்’ என்ற பொய்யான தோற்றத்தைக் கொடுப்பீர்கள். கொள்ளளவு சரியாக அமைந்துவிட்டால், கூட்டவோ குறைக்கவோ வேண்டிய சபலமே எழாது.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் கேம்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரங்களை எடுத்தபோது, கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள். காய்கறித் துண்டுகள் அடியில் தங்கிவிடாமல் கோலிகளின் மேல் நின்று கண்ணுக்குத் தெரிந்தன. அதைப் பார்ப்பவர் சூப்பில் உண்மையில் இருப்பதைவிட அதிகக் காய்கறி இருப்பதாக எண்ணுவார் என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. இனி அப்படிச் செய்வதில்லை என்ற ஒப்புதலுடன் 1970இல் அது முடிந்தது. படத்தில் இருந்தது உண்மையான சூப்தான், உண்மையான காய்கறிதான் என்பதைக் கவனியுங்கள். பொருள்கள் மெய்யாக இருந்தும் அவை தந்த எண்ணம் மெய்யாக இல்லை.

குழம்பின் அடியில் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பது இன்றும் பலர் சொல்லிக்கொடுக்கும் உத்தி. அதுவும் அந்தக் கோலிகளும் ஒன்றே. ஆனால் துண்டுகள் மூழ்கிப் போய், வெறும் பழுப்பு நீர்ப்பரப்பு மட்டும் தெரிந்தால் அந்தப் படமும் உண்மையைச் சொல்லவில்லை; வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. இதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது. ஒரு பங்கை வடிகட்டி, ஐந்து துண்டுகளையும் தனியே எடுத்து, வாய் அகன்ற, ஆழம் குறைந்த, அதே கொள்ளளவுள்ள கிண்ணத்தில் முதலில் அடுக்குங்கள். பிறகு அதே பங்கின் குழம்பு முழுவதையும் ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். ஆழம் குறைந்திருப்பதால் துண்டுகளின் மேற்பகுதி இயல்பாகவே வெளியே நிற்கும். எதையும் கூட்டவில்லை, எதையும் ஒளிக்கவில்லை. ஐந்து துண்டுகளையும் பார்ப்பவர் எண்ணிக்கொள்ளலாம். மிக ஆழமான கிண்ணத்தில் எடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், பட விளக்கத்தில் துண்டுகளின் எண்ணிக்கையை எழுதிவிடுவது நல்லது.

ஒளி எங்கிருந்து வர வேண்டும்

நேர் வெயில் விழாத ஒரு சன்னல் போதும். அதன் அருகில், கையெட்டும் தொலைவில் மேசையைப் போடுங்கள். பிறகு அறையிலுள்ள எல்லா மின்விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். பலரும் இதைச் செய்யத் தயங்குகிறார்கள், வெளிச்சம் கூடக் கிடைத்தால் நல்லதுதானே என்று. சன்னல் ஒளி நீலம் சார்ந்தது. மஞ்சள் விளக்கின் ஒளி செம்மஞ்சள் சார்ந்தது. இரண்டும் ஒரே கிண்ணத்தில் விழுந்தால், கைப்பேசி இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சமரசத்தைச் செய்யும். சோற்றின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும். அதைப் பின்னர் எந்தத் திருத்தத்தாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும்.

கிண்ணத்தை ஒரு கடிகார முகத்தின் நடுவில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 மணி இருக்கும் இடத்தில் நிற்கிறீர்கள். சன்னல் 10 மணி இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும், அதாவது சற்றுப் பின்னாலும் பக்கவாட்டிலும். ஒளி நமக்குப் பின்னாலிருந்து, 6 மணியிலிருந்து வந்தால், நிழல்கள் எல்லாம் உணவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். துண்டுகளுக்கும் குழம்புக்கும் இடையே மேடு பள்ளமே தெரியாது. கைப்பேசியின் ஃபிளாஷ் தரும் படங்கள் தட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பின்பக்கவாட்டிலிருந்து வரும் ஒளிதான் குழம்பின் ஈரப் பரப்பில் பட்டு, நம்மை நோக்கி எதிரொளித்து, அது ஈரமான, சூடான, கெட்டியான பொருள் என்று கண்ணுக்குச் சொல்கிறது. பளபளப்பே இல்லாத குழம்பு உலர்ந்த களிமண் போலத் தெரியும்.

பளபளப்பு வேண்டும், ஆனால் அது மென்மையாக இருக்க வேண்டும். குழம்பின் பரப்பு ஒரு கண்ணாடி என்பதை மறக்காதீர்கள். ஒளி மூலத்தின் வடிவத்தையே அது திருப்பிக் காட்டும். உற்றுப் பார்த்தால் சன்னல் கம்பிகள்கூட எண்ணெய்ப் படலத்தில் கருங்கோடுகளாகத் தெரியும். முதன்முறை அதைக் கண்டுகொண்டவருக்கு அதன் பிறகு எல்லாப் படங்களிலும் கம்பிகள் தெரியத் தொடங்கிவிடும். சன்னலை ஒரு மெல்லிய வெள்ளைத் துணியால் மறைத்தால் கம்பிகள் மறைந்து, சன்னல் முழுவதும் ஒரே ஒளிப் பலகையாகிவிடும். கூசும் சிறு புள்ளிகளுக்குப் பதிலாக நீண்ட, மங்கிய ஒளிக்கீற்று கிடைக்கும். அந்தக் கீற்று ஒரு துண்டின் மேல் விழுந்து அதை மறைத்தால், கிண்ணத்தைத் தொட வேண்டாம்; கேமராவை ஒரு கையகலம் உயர்த்துங்கள் அல்லது தாழ்த்துங்கள். எதிரொளிப்பு உடனே இடம் மாறும்.

சன்னலுக்கு எதிர்ப்புறம், 4 மணி இருக்கும் இடத்தில், ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். அது நிழலுக்குள் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். அட்டையை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். துண்டுகளின் நிழலில் குழம்பின் நிறம் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் நெருக்கினால் நிழலே இல்லாமல் போய், மீண்டும் தட்டையான படமாகிவிடும். சன்னலே இல்லாத சமையலறை என்றால், ஒரே ஒரு பெரிய எல்இடி விளக்கை வெள்ளைத் துணிக்குப் பின்னால் இதே 10 மணித் திசையில் வைத்து எடுக்கலாம்; CRI என்று குறிக்கப்படும் நிறத் துல்லியக் குறியீடு 95க்குக் குறையாத விளக்காக இருந்தால் குழம்பின் சிவப்பு சரியாக வரும்.

தொலைவும் கோணமும்

தட்டையான உணவுகளை நேர் மேலிருந்தும், அடுக்கடுக்காக உயரும் உணவுகளைப் பக்கவாட்டில் தாழ்வாகவும் எடுப்பது வழக்கம். கிண்ணத்தில் உள்ள குழம்புக்கு ஏறக்குறைய 45 பாகைக் கோணம் பொருந்தும். உட்கார்ந்து சாப்பிடுபவரின் கண் அதைக் காணும் கோணமும் கிட்டத்தட்ட அதுதான். அதைவிடத் தாழ்ந்தால் கிண்ணத்தின் முன்விளிம்பு குழம்பை மறைக்கும். நேர் மேலே சென்றால் கிண்ணத்தின் ஆழம் தெரியாமல் போகும்.

கோணத்தைவிடத் தொலைவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் அதில் அறியாமலே ஒரு பொய் நுழைகிறது. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற பார்வை கொண்டது. அதைக் கிண்ணத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால், முன்னால் இருக்கும் துண்டு பூதாகரமாகவும், பின்னால் இருப்பவை சிறுத்தும் தெரியும். சாதாரணத் துண்டு ஒன்று கோழியின் பாதி போலத் தோற்றமளிக்கும். நீங்கள் எதையும் ஏமாற்றவில்லை, லென்ஸ் ஏமாற்றிவிட்டது. இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒரு எட்டுப் பின்னால் சென்று எடுங்கள். துண்டுகளுக்கு இடையேயான அளவு விகிதம் கண்ணுக்குத் தெரிவது போலவே அமையும். கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சாதாரணக் கரண்டியை வைப்பதும் நல்லது. எல்லோருக்கும் கரண்டியின் அளவு தெரியும் என்பதால், அது படத்துக்குள்ளேயே இருக்கும் அளவுகோலாக வேலை செய்யும். தேநீர்க் கரண்டியை வைத்துக் கிண்ணத்தைப் பெரிதாகக் காட்டுவது அந்த அளவுகோலையே கெடுப்பதாகும்.

கைப்பேசியின் லென்ஸைச் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். சமையலறையில் எண்ணெய் படியாத லென்ஸ் கிடையாது. பல கைப்பேசிகளில் உணவுக்கென்று ஒரு தனி முறை இருக்கும். அது நிறங்களைத் தானாகவே ஏற்றி, ஓரங்களை மங்கலாக்கும். அதைத் தவிர்த்துச் சாதாரண முறையிலேயே எடுங்கள். கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, திரையில் நடுத் துண்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், சில கைப்பேசிகளில் AE/AF LOCK என்று தெரியும். குவியமும் ஒளியளவும் அதோடு நிலைத்துவிடும். பிறகு விரலைக் கீழ்நோக்கி நகர்த்தி, சோற்றின் பருக்கைகள் தனித்தனியாகத் தெரியும் வரை ஒளியைக் குறையுங்கள். சோற்றுக்குச் சரியாக வைத்தால் குழம்பு சற்று இருண்டு தெரியலாம். அதைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். வெளிறிப்போன சோற்றில் மட்டும் பருக்கைகளைப் பின்னர் வரவழைக்க முடியாது.

கிண்ணமும் பின்னணியும் பளபளக்காதவையாக இருக்கட்டும். பழுப்பு, செம்மஞ்சள் நிறக் குழம்புக்கு நீலம் கலந்த சாம்பல் நிற மேசைப் பரப்பு மிகவும் பொருந்தும், ஏனென்றால் அந்த நிறங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. பழுப்பு மரத்தின் மேல் பழுப்புக் குழம்பை வைத்தால் இரண்டும் கரைந்துபோகும்.

இரண்டு தட்டுகள்

இத்துறையில் இருப்பவர்கள் எப்போதும் இரண்டு தட்டுகளை வைத்துக்கொள்வார்கள். ஒன்று ஒளியையும் கோணத்தையும் சரிபார்ப்பதற்கான ஒத்திகைத் தட்டு. மற்றொன்று இறுதிப் படத்தில் வரும் ‘ஹீரோ’ தட்டு. குழம்பு கிண்ணத்தில் விழுந்த சில நிமிடங்களிலேயே மேற்பரப்பின் நீர் ஆவியாகி ஆடை படியத் தொடங்கும். ஆறும்போது கொழுப்பு உறைந்து பளபளப்பு மங்கும். கேமராவோடு போராடிக்கொண்டே அந்த நிமிடங்களைக் கழித்துவிட்டால், படமெடுக்கும்போது உணவு இறந்திருக்கும். ஆகவே முதலில் ஆறிய குழம்பை ஒத்திகைத் தட்டில் ஊற்றி, மேலே சொன்ன எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். எல்லாம் சரியானதும், அதே இடத்தில் ஹீரோ தட்டை வையுங்கள். மேசையில் கிண்ணத்தின் இடத்தைச் சிறு ஒட்டுநாடாத் துண்டுகளால் குறித்துக்கொண்டால், அந்த மாற்றம் சில நொடிகளில் முடியும்.

ஹீரோ தட்டின் வேலை இப்படிப் போகும். சோற்றை முள்கரண்டியால் மெல்லக் கிளறி, பருக்கைகள் பிரிந்த பின் தனித் தட்டில் குவிக்காமல் தளர்வாக இடுங்கள். கிண்ணத்தால் அச்சு வார்த்துக் கவிழ்த்த சோறு அழகாக இருந்தாலும், பெட்டியில் அப்படி வருவதில்லை. கோழித் துண்டுகளில் நன்றாகச் சிவந்த பக்கம் மேலே வரும்படி இடுக்கியால் அடுக்குங்கள். சிறந்த துண்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டாம். ஆனால் உடைந்து சிதைந்ததை மாற்றிக்கொள்வதில் தவறில்லை, சமையலறை அதை வாடிக்கையாளருக்கும் அனுப்பாது என்றால். சூடான குழம்பை ஓரத்திலிருந்து ஊற்றுங்கள். தெறித்த துளிகளை ஈரமான பஞ்சுக் குச்சியால் விளிம்பிலிருந்து துடையுங்கள். துண்டுகளின் மேற்பரப்பு உலர்ந்து தெரிந்தால், அதே குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைச் சிறு தூரிகையால் தொட்டுத் தடவுங்கள். தழை தனிப் பொட்டலமாக அனுப்பப்படுகிறது என்றால், அதைக் குளிர்ந்த நீரில் போட்டுவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, கடைசி நொடியில் பொட்டலத்தில் இருக்கும் அளவு மட்டும் தூவுங்கள். ஹீரோ தட்டு வந்ததிலிருந்து கடைசிப் படம் வரை மூன்று நான்கு நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

பளபளப்புக்குக் கிளிசரின், பாலுக்குப் பதில் பசை, பாகுக்குப் பதில் இயந்திர எண்ணெய் என்று விளம்பர உலகில் பல உத்திகள் உண்டு. அவற்றைப் பற்றி நான் வைத்திருக்கும் விதி எளியது: படத்துக்காகச் சேர்த்த எதையும் வாடிக்கையாளருக்கான பெட்டியில் சேர்க்க முடியாது என்றால், அதைப் படத்திலும் சேர்ப்பதில்லை. ஆவி எழுவதைச் செயற்கையாகக் காட்டுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன். இப்படி எடுப்பதில் ஒரு நன்மையும் உண்டு, படப்பிடிப்பு முடிந்ததும் அந்த உணவைச் சாப்பிடலாம்.

திருத்தத்தின் எல்லை

ஒத்திகையின்போதே கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை நிற வெப்பநிலையைச் சரிசெய்து, அதே அளவுகளை ஹீரோ படத்துக்கும் கொடுங்கள். ஊகத்தின் மேல் நிறத்தைச் சரிசெய்தால், ஒவ்வொரு முறையும் சற்று அதிகச் சிவப்பின் பக்கமே கை போகும். சிவந்த குழம்பு காரமான குழம்பாகப் புரிந்துகொள்ளப்படும். காரத்துக்கு அஞ்சுபவர் விலகிப்போவார், விரும்புபவர் ஏமாந்துபோவார். இந்தக் காரணத்தால் நிறச் செறிவை ஏற்றும் பட்டையை நான் தொடுவதே இல்லை. ஒளியைச் சற்று உயர்த்துவது, நிழலைக் கொஞ்சம் தெளிவாக்குவது, விளிம்பில் விட்டுப்போன ஒரு துளியை அழிப்பது ஆகியவை போதும். துண்டு ஒன்றை நகலெடுத்து ஒட்டுவதும், கிண்ணத்தில் குழம்பின் மட்டத்தை உயர்த்துவதும் திருத்தமாகாது.

படத்தை வெட்டும்போது, செயலி அதைச் சில இடங்களில் சதுரமாகவும் சில இடங்களில் அகலமாகவும் காட்டக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கிண்ணத்தை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டிருந்தால் எந்த வெட்டிலும் உணவு சிதையாது. எழுத்து, சின்னம், விலை எதையும் படத்தின் மேல் பதிக்க வேண்டாம்; பெரும்பாலான தளங்கள் அவற்றை ஏற்பதில்லை. ஒரு படத்தில் ஒரு விற்பனைப் பொருள் மட்டும் இருக்கட்டும். சோறு தனியாக விலைக்கு விற்கப்படுகிறது என்றால், குழம்பின் படத்தில் சோற்றை வைக்கக் கூடாது. புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது. பின்னணிக்கு அழகாக இருக்கிறதே என்று வைத்த தட்டை, வாங்குபவர் தமக்கு வரவேண்டிய பங்காகவே கணக்கிடுவார்.

முடித்த படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், ஏனென்றால் பட்டியலில் அது அந்த அளவில்தான் தெரியும். அந்த அளவில் குழம்பும் துண்டுகளும் வேறுவேறாகத் தெரியாவிட்டால், மேசையின் நிறத்தையோ ஒளியின் திசையையோ மாற்றி மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டியின் பக்கத்தில் படம்

வெளியிடுவதற்கு முன்னால், சமையலிலோ படமெடுப்பதிலோ பங்கெடுக்காத ஒருவரை அழையுங்கள். வழக்கமான நேரத்தில், வழக்கமான கையால் கட்டிய ஒரு பெட்டியை அரை மணி நேரம் கழித்து அவர் முன்னால் திறந்து, பக்கத்தில் கைப்பேசியில் படத்தைக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எது குறைகிறது என்று கேளுங்கள். “துண்டு சின்னதாக இருக்கிறது”, “இதில் பச்சையே இல்லையே”, “படத்தில் இன்னும் கெட்டியாக இருந்தது” என்பன போன்ற பதில்களில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட படியைச் சுட்டும். துண்டு சிறிதாகத் தோன்றினால் லென்ஸின் தொலைவைப் பாருங்கள். பச்சை இல்லை என்றால் தழையை நீக்குங்கள், அல்லது பொட்டலமாக அனுப்பச் சொல்லுங்கள். கெட்டித்தன்மை மாறுபட்டால், நீங்கள் படமெடுத்த குழம்பு அடியில் தேங்கியிருந்த பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதா என்று விசாரியுங்கள்.

பெட்டியின் அளவோ, துண்டுகளின் எண்ணிக்கையோ, மூலப்பொருளோ மாறும் நாளில் இந்தச் சோதனையை மறுபடி செய்து, பொருந்தாத படத்தை அன்றே செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒட்டுநாடாக் குறிகள், சன்னலின் திசை, அட்டையின் தொலைவு, கிண்ணத்தின் கொள்ளளவு ஆகியவற்றை முதல் நாள் எழுதிய அதே தாளில் குறித்து வைத்திருந்தால், புதிய படத்தை எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.